தாடிக்கு எத்தனை துளி?

தாடி வளர்ப்பவர்களில் பலர் தினமும் பார்க்கும் காட்சி இது. எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஆகியிருக்கும். கண்ணாடியில் தாடி மினுமினுக்கிறது. நாலைந்து முடிகள் ஒட்டிக்கொண்டு திரிதிரியாகத் தொங்க, இடையிடையே தாடைத் தோல் தெரிகிறது. பார்க்கிறவர்களுக்கு முகம் கழுவாத ஆள் மாதிரி. சரி, இவ்வளவு எண்ணெய் குடித்த தாடி மெத்தென்றாவது இருக்க வேண்டுமே என்று விரலை உள்ளே விட்டால், நேற்றைய சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. வெளியே பிசுக்கு, உள்ளே வறட்சி. இரண்டும் எப்படி ஒரே தாடியில் இருக்க முடியும்?

எண்ணெய் மட்டம் என்று சொல்லி வேறு பாட்டில் வாங்குவதுதான் வழக்கமான தீர்வு. பெரும்பாலும் அதனால் பயனில்லை. பிசுக்கும் மென்மையும் ஒரே பொருளின் இரண்டு முனைகள் அல்ல. மென்மை தண்ணீரின் வேலை. பிசுக்கு என்பது எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் இருப்பது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலில் முடி. தாடி முடி, தலைமுடியைவிடத் தடிமனானது. குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டமாக இருக்காது. தட்டையாகவும் கோணலாகவும் இருக்கும். அதனால்தான் சுருண்டும் முறுக்கியும் வளர்கிறது. உள்ளே கெரட்டின் என்னும் புரத இழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இதைப் புறணி என்பார்கள். அதைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்களால் ஆன மேலுறை இருக்கிறது. ஒவ்வொரு செதிலும் சுமார் அரை மைக்ரான் தடிமன். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செதில்களின் விளிம்புகள் எல்லாம் முடியின் நுனியைப் பார்த்தபடி இருக்கும். ஒரு முடியைப் பிடித்து வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கும்; நுனியிலிருந்து வேருக்கு உருவினால் தடுக்கும். இப்போதே ஒரு முடியைப் பிடித்து உருவிப் பார்க்கலாம்.

புறணியில் உள்ள புரத இழைகளை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை. அவற்றை உடைக்க வேதிப்பொருள் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புகள் பலவீனமானவை, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் உள்ளே புகுந்ததும் அவை விட்டுக்கொடுக்கின்றன. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நகர முடிகிறது, முடி வளைந்து கொடுக்கிறது. நாம் மென்மை என்று உணர்வதில் பெரும்பங்கு இதுதான். சவரம் செய்பவர்களுக்கு இது பழைய செய்தி. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய தாடியை வெட்ட, உலர்ந்த தாடிக்கு வேண்டியதைவிட வெகு குறைந்த விசையே போதும் என்று பிளேடு ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன.

முடிக்குள் தண்ணீர் போய் வருவதை அளக்கும் கருவியை ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் த சொஸ்யூர் 1783இல் விவரித்தார். ஒரு முடியை இழுத்துக் கட்டி, அதன் நீளம் மாறுவதை ஒரு முள்ளின் அசைவாகக் காட்டும் ஈரப்பதமானி அது. காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும். நீள்வது நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேலாகத்தான், ஆனால் முள்ளை நகர்த்த அது போதும். நாம் கவனிக்க வேண்டியது அவர் செய்த முன்தயாரிப்பு. முடியைச் சோடா கரைசலில் கொதிக்க வைத்து, அதிலிருந்த எண்ணெய்ப் பசையை முழுக்க நீக்கிவிட்டுத்தான் கருவியில் பொருத்தினார். பசை இருந்தால் தண்ணீர் போய்வருவது தாமதப்பட்டுக் கருவி மந்தமாகிவிடும். அவருக்குத் தொல்லையாக இருந்தது நமக்கு வேண்டிய குணம். எண்ணெய் தானாக முடிக்கு ஈரம் தராது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். காய்ந்து கிடக்கும் தாடியில் எண்ணெய் தடவினால், தாமதப்படுத்த உள்ளே ஒன்றும் இல்லை. சொரசொரப்பு மாறாததற்கு முதல் காரணம் இது.

இனி பிசுக்கு. ஓவியர்களின் தூரிகையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும்வரை அதன் மயிர்கள் பிரிந்துதான் நிற்கும். வெளியே எடுத்த கணத்தில் ஒன்றாகக் கூடி முனையாகிவிடும். நனைந்திருப்பதால் ஒட்டுகிறது என்றால் தண்ணீருக்குள்ளேயே ஒட்டியிருக்க வேண்டும். மயிர்களுக்கு இடையே சிக்கிய திரவத்துக்கு இப்போது காற்றோடு ஒரு எல்லை உண்டாகிவிட்டது. அந்த எல்லைப் பரப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் பரப்பு இழுவிசைதான் மயிர்களை இழுத்துச் சேர்க்கிறது. இரண்டு இழைகளுக்கு நடுவே இப்படி நிற்கும் திரவத்தைத் திரவப் பாலம் என்று சொல்லலாம்.

2004இல் பாரிஸைச் சேர்ந்த ஜோஸே பீக்கோவும் சகாக்களும் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இணையாக நிற்கும் நெகிழும் தகடுகளால் ஒரு மாதிரித் தூரிகை செய்து, திரவத்தில் தோய்த்து வெளியே இழுத்தார்கள். தகடுகள் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்தன. அந்த ஜோடிகள் மறுபடி ஜோடி சேர்ந்தன. கொத்து பெரிதாகப் பெரிதாக விறைப்பும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் திரவத்தின் இழுவை அதை வளைக்க முடியாமல் நின்றுவிடுகிறது. தாடியில் தொங்கும் திரிகள் ஏறக்குறைய ஒரே பருமனாக இருப்பதைக் கவனித்திருந்தால், அதன் காரணம் இங்கே இருக்கிறது. இரண்டு வாரத் தாடி எவ்வளவு எண்ணெய் தடவினாலும் திரியாவதில்லை. குட்டை முடி விறைப்பானது, வளையாது. நீளம் கூடக் கூட முடி எளிதில் வளையும், பிசுக்கும் எளிதில் தெரியும்.

ஆக, எண்ணெய் முடியின் மேல் படலமாக இருந்தால் பளபளப்பு. முடிகளுக்கு இடையே பாலமாக நின்றால் பிசுக்கு. கேள்வி அளவைப் பற்றியது. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தாடியில் பத்தாயிரம் முடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். நமக்குத் தேவை தோராயம்தான். ஒவ்வொரு முடியும் 5 செ.மீ. நீளம், 0.1 மி.மீ. தடிமன் என்றால், எல்லா முடிகளின் மேற்பரப்பையும் கூட்டினால் சுமார் 1,600 சதுர சென்டிமீட்டர் வரும். இரண்டரை ஏ4 தாளின் பரப்பு. டிராப்பரிலிருந்து விழும் எண்ணெய்த் துளி தண்ணீர்த் துளியைவிடச் சிறியது, ஏனென்றால் எண்ணெய்க்குப் பரப்பு இழுவிசை குறைவு. ஒரு மில்லி லிட்டருக்கு முப்பது துளி என்று கொள்ளலாம். உங்கள் டிராப்பரைச் சோதிக்க வேண்டுமென்றால், ஊசி இல்லாத சிரிஞ்சின் உந்துதண்டைக் கழற்றி, முனையை அடைத்து, அதில் 1 மி.லி. கோடுவரை சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிப் பாருங்கள்.

ஒரு துளியை அந்த இரண்டரைத் தாள் பரப்பிலும் ஒரே சீராகப் பரப்பினால் படலத்தின் தடிமன் 0.2 மைக்ரான். இரண்டு மூன்று துளியில் செதில் படிகளின் உயரமான அரை மைக்ரானை எட்டிவிடுகிறோம். படிகளின் ஓரங்கள் நிரம்பி முடி வழுக்கத் தொடங்கும். ஐந்து துளியில் ஒரு மைக்ரான். டிராப்பர் முழுக்க உறிஞ்சி விட்டால் ஆறு மைக்ரான். செதில்கள் முழுகிப்போய், மிச்சம் நிற்க வேறு இடமில்லாமல் முடிகளின் இடுக்கில்தான் போய் நிற்கும். உள்ளங்கையிலும் தாடைத் தோலிலும் கொஞ்சம் போகும் என்பதால், மேற்படி தாடிக்கு நான்கிலிருந்து ஆறு துளி என்பது நியாயமான அளவு. நீளம் பாதியானால் துளியும் பாதி.

ஆனால் ‘ஒரே சீராக’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. அதே ஐந்து துளியைக் கையில் ஊற்றித் தாடியின் முன்பக்கம் மட்டும் வழித்துவிட்டால், மூன்றில் ஒரு பங்கு முடிமேல் மூன்று மடங்கு படலம், மீதிக்கு ஒன்றுமே இல்லை. வெளியே பிசுக்கும் உள்ளே வறட்சியும் ஒரே தாடியில் இருப்பதற்கு இதுதான் இரண்டாவது காரணம். தோலில் சுரக்கும் எண்ணெயும், அதாவது சீபமும், அடிமுடியில் தங்கிவிடுகிறது. தானாக நுனிவரை ஏறாது. அதனால் நுனிப் பாதிக்குத்தான் நம் கை எண்ணெய் அதிகம் தேவை. நடைமுறையில் நடப்பதும் நுனியில் பூசுவதுதானே என்று கேட்கலாம். வெளியே தெரியும் நுனிகளில் பூசுகிறோம். கீழடுக்கில், கழுத்துப் பக்கம் இருக்கும் நுனிகளை யாரும் தொடுவதில்லை.

எந்த எண்ணெய் என்பது அடுத்தது. இதை அறியப் பிசுக்கையே அளவுகோலாக்கிய ஒரு ஆய்வு உண்டு. நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் உள்ள நெசவு ஆய்வு நிறுவனத்தில் கெய்ஸ், காமத் முதலியோர் எண்ணெய் தடவிய முடிகள் ஒன்றோடொன்று எவ்வளவு பலமாக ஒட்டுகின்றன என்று அளந்து 2005இல் வெளியிட்டார்கள். எண்ணெய் முடிக்குள் ஊடுருவினால் மேலே உள்ள படலம் மெலியும், ஒட்டும் விசை குறையும். உள்ளே போகாவிட்டால் ஒட்டல் அப்படியே இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவி வெப்பம் காட்டியபோது ஒட்டல் குறைந்தது. கனிம எண்ணெயில், அதாவது நாம் பேபி ஆயில் என்று வாங்குவதில், அப்படிக் குறையவில்லை. இதற்கு முன்பே 2003இல் மும்பையிலிருந்து ரேலே, மொஹிலே இருவரும் வெளியிட்ட ஆய்வில், முடி கழுவும்போது இழக்கும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் குறைத்தது, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் குறைக்கவில்லை என்று தெரிந்திருந்தது. தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் நுழைய முடிகிறது.

அதற்காகக் காலையில் தேங்காய் எண்ணெயைத் தாடிக்குப் பூசிக்கொண்டு கிளம்பச் சொல்ல மாட்டேன். ஊடுருவ அதற்கு நேரம் வேண்டும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் போகும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவிக் கழுவுவதற்குத்தான் அது சரி. குளித்த பின் மேலே இருந்து வழுக்கும் வேலைக்கு ஹொஹோபா நல்லது. சொனோரா பாலைவனப் புதரின் விதையிலிருந்து வரும் இது, உண்மையில் எண்ணெயே அல்ல, திரவ மெழுகு. சீபத்தில் கால் பங்கு இதே வகை மெழுகுதான். எளிதில் சிக்கு வாடை அடிக்காது. கடைகளில் விற்கும் பியர்ட் ஆயில்களில் பெரும்பாலும் ஹொஹோபா, ஆர்கன், பாதாம் மூன்றில் ஒன்றாவது இருக்கும். விளக்கெண்ணெய் கெட்டியானது, சீராகப் பரவாது. தாடிக்கு அதைத் தனியாகப் போடுவது பிசுக்கை விலை கொடுத்து வாங்குவது.

இனி ஒரு காலைப் பொழுதை முழுதாகப் பார்ப்போம். மேலே கணக்குப் போட்ட அதே 5 செ.மீ. தாடி. குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சட்டை போட்டுக்கொண்டு வரும் ஐந்து நிமிடத்தில், சொட்டும் ஈரம் போய்த் தொட்டால் குளிர்ச்சி தெரியும் அளவு ஈரம் நிற்கும். எண்ணெய்க்கு அதுதான் நேரம். சொட்டச் சொட்ட இருந்தால் எண்ணெய் முடியில் படியாமல் தண்ணீரோடு வழிந்துவிடும். ஐந்து துளியை இரண்டு உள்ளங்கையிலும் விரல் இடுக்குகளிலும் தேய்த்துக்கொள்ளுங்கள். முதலில் விரல்களைக் கழுத்துப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி உள்ளே விட்டுத் தோலைத் தொட்டு நுனிக்கு உருவ வேண்டும், பிறகு கன்னங்கள், கையில் கடைசியாக மிஞ்சும் பூச்சு மட்டும் வெளிப்பரப்புக்கும் மீசைக்கும். வழக்கமாகச் செய்வதற்கு நேர் எதிரான வரிசை இது.

அடுத்து சீப்பு. எண்ணெயைச் சீராக்கும் கருவி அதுதான். கையால் மூன்று மடங்காக நின்ற இடத்திலிருந்து எடுத்து இல்லாத இடத்தில் விடுகிறது. அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கிச் சிக்கெடுத்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே போய், கடைசியில் வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. மலிவான பிளாஸ்டிக் சீப்பின் பல்லை நகத்தால் வருடிப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரப்பு தட்டும். அது செதில்களைச் சுரண்டும். மரச் சீப்பிலோ அறுத்துச் செய்த சீப்பிலோ அந்த வரப்பு இல்லை. மரத்தில் நிலைமின்சாரமும் குறைவு. சீவி முடித்ததும் சீப்பை டிஷ்யூ தாளில் துடையுங்கள். தாளில் ஒளி ஊடுருவும் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால், இன்று துளி அதிகம். நாளை ஒன்றைக் குறையுங்கள்.

வடிவம் அமைவதும் இப்போதுதான். ஈரத்தில் விட்டுப்போன ஹைட்ரஜன் பிணைப்புகள் முடி காயும்போது மறுபடி சேர்கின்றன. முடி எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையில் சேர்கின்றன. ஆகவே கன்னத்து முடியைக் கீழ்நோக்கியும், தாடை முடியைச் சற்று முன்னோக்கியும் சீவி, காயும்வரை இரண்டு மூன்று முறை அதையே திரும்பச் செய்தால் வடிவத்தில் பாதி கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பாம்.

பாம் என்பது எண்ணெயைக் கெட்டியாக்கிய பொருள். தேன்மெழுகை உருக்கி எண்ணெயில் கலந்து ஆறவிட்டால், மெழுகு நுண்ணிய படிகங்களாகி வலைபோல் பின்னிக்கொண்டு எண்ணெயைத் தனக்குள் பிடித்து வைக்கிறது. எண்ணெய்க்கூழ் என்று சொல்லலாம். கூடவே ஷியா வெண்ணெயும் சேர்ப்பார்கள். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஷியா உடல் சூட்டிலேயே இளகிவிடும். விரலில் தேய்க்க இளகுவது ஷியா, முடியில் போய் நிற்பது மெழுகு. மெழுகு குறைவாகவும் ஷியா அதிகமாகவும் உள்ள பாம், சென்னை வெயிலில் மத்தியானத்துக்குள் வெறும் எண்ணெயாகிவிடும். டப்பாவைத் திறந்து நகத்தால் கீறிப் பார்த்தால் தெரியும்: கீறல் அப்படியே நின்றால் மெழுகு இருக்கிறது, குழைந்து மூடிக்கொண்டால் அது வடிவத்துக்கு உதவாது.

பிசுக்கு இரண்டாம் முறை நுழையும் வாசலும் இந்தப் பாம்தான். ‘பட்டாணி அளவு’ எடுக்கச் சொல்கிறார்கள். பச்சைப் பட்டாணி ஒன்றின் கனஅளவு கிட்டத்தட்ட கால் மில்லி லிட்டர், அதாவது ஏழெட்டு துளி. ஏற்கெனவே ஐந்து துளி போட்ட தாடியில் இது இரட்டிப்புக்கும் மேல். பச்சைப்பயறு அளவு எடுங்கள்; அது ஒரு துளிக்குச் சமம். தாடி காய்ந்த பிறகு, அதில் இரண்டை உள்ளங்கையில் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை தேய்த்து, வெளிப்பரப்பில் மட்டும் மேலிருந்து கீழே தடவி, ஒரு முறை சீவினால் போதும். பாம் போடும் நாளில் எண்ணெயில் இரண்டு துளி குறைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் செய்தும் சொரசொரப்பு போகவில்லை என்றால் குளியலறையைச் சந்தேகிக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம் குளியல் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகி முடிமேல் ஒட்டிக்கொள்ளும். பக்கெட்டின் உள்பக்கம் படியும் அதே வெள்ளைப் பூச்சு. அதன்மேல் எண்ணெய் போட்டால் பிசுக்கோடு சொரசொரப்பும் சேர்ந்து வரும். தாடிக்குச் சோப்பை விட்டுவிட்டு வாரம் இரண்டு மூன்று முறை ஷாம்பு போட்டால் இது தீரும். பொடுகு போல உதிர்வது வேறு விஷயம். மஞ்சளாகப் பிசுபிசுப்பான செதில்களும் சிவந்த தோலும் இருந்தால் வறட்சி என்று நினைத்து எண்ணெயைக் கூட்டக் கூடாது. தோலில் வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பு அமிலங்களைத் தின்றே வளர்வது; தாவர எண்ணெய்களில் பெரும்பாலானவை அதற்கு உணவு. எண்ணெயை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் கை தவறி எண்ணெய் அதிகமாகிவிட்டால் திரும்பக் குளிக்க வேண்டியதில்லை. டிஷ்யூ தாளைத் தாடியின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்துங்கள். தாளின் இழைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் முடி இடுக்குகளைவிடக் குறுகலானவை, திரவப் பாலங்களை அவை தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். மாலையில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது தாடி கலைந்து கிடந்தாலும் எண்ணெய் பாட்டிலைத் தொட வேண்டாம். வியர்வை ஈரத்தில் பிணைப்புகள் விட்டுப்போயிருக்கின்றன, காலையில் போட்ட எண்ணெய் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. கையைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டுத் தாடியைத் தடவிச் சீவி, மின்விசிறிக்குக் கீழே காயவிட்டால் போதும்.